ஜனவரி 2000-இல் கண்விழிக்கும் கன்சோல்

வீடியோ கேம் கன்சோலின் உள்கடிகாரம் தவறான தேதியைக் காட்டினால், இணைய இணைப்பு நன்றாக இருந்தும் ஆன்லைன் சேவைகள் திறக்காமல் போகும். பிளேஸ்டேஷன் 3 அல்லது 4-இல் இணைப்புச் சோதனை செய்து பார்த்தால் முதல் வரிகள் எல்லாம் வெற்றி என்றே வரும்: ஐ.பி. முகவரி கிடைத்தது, இணையம் கிடைத்தது. கடைசி வரியான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் லாகின் மட்டும் தோல்வி. கன்சோலில் உள்ள பிரவுசரைத் திறந்தால் சில தளங்கள் வரும், பல தளங்கள் சான்றிதழ் சரியில்லை என்று நின்றுவிடும். அதே வைஃபையில் இருக்கும் கைபேசி எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். ரூட்டரை அணைத்துப் போடுவது, பாஸ்வேர்டை மாற்றுவது, இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவது என்று வழக்கமான வைத்தியங்கள் எல்லாம் நடக்கும். திரையின் ஓரத்தில் 1/1/2000 என்று சின்னதாக எழுதியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். கன்சோலை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டாலும் நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும் சிறு சுற்று ஒன்று உள்ளே உண்டு. அதன் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே வகைதான். வினாடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும் என்பதால், எளிய சுற்று ஒன்றே அதிர்வுகளை வினாடிகளாக மாற்றிவிடும். இதற்குத் தேவையான மின்சாரம் மிகக் குறைவு. பிளேஸ்டேஷன் 3, 4 ஆகியவற்றில் கணினி மதர்போர்டில் இருப்பதைப் போன்ற, சி.ஆர். 2032 என்னும் மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரி இந்த வேலையைப் பல ஆண்டுகள் தாங்கும். நின்டெண்டோ ஸ்விட்ச்சில் கடிகாரத்துக்கென்று தனிப் பேட்டரி இல்லை. பெரிய பேட்டரியின் தயவில்தான் அது ஓடுகிறது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து சார்ஜ் முற்றிலும் வற்றிவிட்டால் நேரமும் போய்விடும். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் பேட்டரியே கிடையாது, ஒரு கெப்பாசிட்டர் மட்டும். மின்சாரம் இல்லாமல் சில மணி நேரம்தான் அதன் நினைவு நிற்கும்; பழையதானால் கெப்பாசிட்டர் கசிந்து போர்டையே அரித்துவிடும் என்பது அந்த எக்ஸ்பாக்ஸைப் பழுதுபார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த நோய்.

பேட்டரி செத்தபின் மின்சாரம் போய் வந்தால், கடிகாரம் தொடக்க மதிப்பிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்குகிறது. பல கருவிகளில் அந்தத் தொடக்கம் 2000 ஜனவரி 1. கன்சோலைப் பொறுத்தவரை அன்றுதான் அது பிறந்தது.

படிகம் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடுவதும் உண்டு. ஆனால் அதன்மீது பழி போடத் தேவையில்லை. சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை இருப்பதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்றே முக்கால் வினாடி, ஆண்டு முழுதும் சேர்த்தால் பத்து நிமிடம் சொச்சம் விலகும். சான்றிதழ்ச் சிக்கலை வரவழைக்க இது போதாது. சிக்கலை உண்டாக்குபவை நாட்கள், மாதங்கள், ஆண்டுகள் அளவிலான தவறுகள். அவை கடிகாரம் அழிந்து மீண்டும் தொடங்குவதாலோ, யாரோ கையால் மாற்றிவைப்பதாலோ வருபவை.

இனி சான்றிதழ். கன்சோல் ஆன்லைன் சேவை ஒன்றோடு பேசும்போது, எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா, நடுவில் புகுந்த மோசடிக்காரனா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கான பேச்சுமுறை டி.எல்.எஸ். எனப்படுகிறது. கன்சோல் வணக்கம் சொல்லும். பதிலுக்கு சர்வர் தன் சான்றிதழை நீட்டும். லாகின் பெயரும் பாஸ்வேர்டும் அனுப்பப்படுவதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது. சான்றிதழ் தேறாவிட்டால் கன்சோல் அந்த இடத்திலேயே பேச்சை முறித்துக்கொள்ளும். அதனால்தான் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருப்பதில்லை. பாஸ்வேர்ட் வீட்டை விட்டே கிளம்பவில்லை.

சான்றிதழில் சர்வரின் பெயர், அதன் பொதுச் சாவி, வழங்கிய அமைப்பின் டிஜிட்டல் கையொப்பம் ஆகியவற்றோடு இரண்டு தேதிகளும் இருக்கும். ஒன்று, எப்போதிலிருந்து செல்லும். மற்றொன்று, எப்போது வரை செல்லும். ரயில் சீசன் டிக்கெட்டில் இருக்கும் இரண்டு தேதிகளைப் போலத்தான்: காலாவதியான டிக்கெட்டும் செல்லாது, நாளை தொடங்கும் டிக்கெட்டை இன்று காட்டினாலும் செல்லாது. கணினி வைத்திருப்பவர்கள் இந்தத் தேதிகளை ஒரே கட்டளையில் பார்க்கலாம். கீழே உள்ளதில் தளத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்:

```
openssl s_client -connect example.com:443 </dev/null | openssl x509 -noout -dates
```

விடை இந்த வடிவில் வரும். எண்கள் இங்கே எடுத்துக்காட்டுக்காகத் தரப்பட்டவை.

```
notBefore=Mar 10 06:12:40 2024 GMT
notAfter=Jun  8 06:12:39 2024 GMT
```

லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு வழங்கும் 90 நாள் சான்றிதழின் தோற்றம் இது. இரண்டு தேதிகளும் கிரீன்விச் நேரத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இப்போது உண்மையான நாள் 2024 ஏப்ரல் 20 என்றும், கன்சோலின் தேதி 2000 ஜனவரி 1 என்றும் வைத்துக்கொள்வோம். சர்வர் நேர்மையானது. சான்றிதழ் பிழையற்றது. கையொப்பமும் சரி. ஆனால் கன்சோலின் கணக்கில் இந்தச் சான்றிதழ் செல்லத் தொடங்க இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற முடிவுக்கு அது வருவதில் தர்க்கப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

சர்வரின் சான்றிதழ் மட்டுமல்ல, அதற்கு மேலே இருப்பவையும் சோதிக்கப்படுகின்றன. சர்வரின் சான்றிதழில் ஓர் இடைநிலைச் சான்றிதழ் கையொப்பமிட்டிருக்கும்; அந்த இடைநிலைச் சான்றிதழில் ரூட் சான்றிதழ் எனப்படும் தலைச் சான்றிதழ் கையொப்பமிட்டிருக்கும். ரூட் சான்றிதழ் கன்சோலின் மென்பொருளிலேயே முன்கூட்டிச் சேமிக்கப்பட்டிருக்கும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனித் தேதிகள் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட்டின் சொந்த ரூட் சான்றிதழான ISRG Root X1, 2015 ஜூன் 4 முதல் 2035 ஜூன் 4 வரை செல்லும். 2000-ஆம் ஆண்டில் கண்விழித்த கன்சோலுக்கு அந்த ரூட்டும் பிறக்காத குழந்தையே.

இந்த நுணுக்கமெல்லாம் திரையில் தெரிவதில்லை என்பதுதான் வருத்தம். "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை", "காலாவதியாகிவிட்டது", "நம்பத்தகாத அமைப்பு வழங்கியது" ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள். உள்ளே இயங்கும் நிரலுக்கு அவற்றின் வேறுபாடு தெரியும். ஆனால் பெரும்பாலான கன்சோல்கள் இவை எல்லாவற்றையும் "சர்வரோடு இணைக்க முடியவில்லை" என்ற ஒரே வரியிலும் ஓர் எண்ணிலும் மூடி மறைத்துவிடுகின்றன. ஸ்விட்ச்சில் அந்த எண்ணிலிருந்து கொஞ்சம் ஊகிக்கலாம்: 2123 என்று தொடங்கினால் பிழை வந்தது பாதுகாப்பு இணைப்பைக் கவனிக்கும் பகுதியிலிருந்து. தேதியை உடனே பார்க்க அது போதிய காரணம்.

கடிகாரம் பின்தங்கியிருப்பதும் முந்தியிருப்பதும் ஒரே விளைவைத் தருவதில்லை. பின்தங்கிய கடிகாரம், சான்றிதழின் தொடக்கத் தேதிக்கும் முன்னால் போய் விழுந்தால் கெட்டது. முந்திய கடிகாரம், முடிவுத் தேதியைத் தாண்டினால் கெட்டது. மேலே கண்ட சான்றிதழில், ஏப்ரல் 20 அன்று கடிகாரம் ஒரு மாதம் பின்தங்கி மார்ச் 20 என்று காட்டினாலும் சான்றிதழ் தேறிவிடும். ஒரு மாதம் முந்தி மே 20 என்று காட்டினாலும் தேறிவிடும். இரண்டு மாதம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தேறாது. வெவ்வேறு சேவைகளின் சான்றிதழ்கள் வெவ்வேறு நாட்களில் வழங்கப்பட்டவை என்பதால், ஒரே தவறான தேதியில் ஒரு சேவை திறந்து இன்னொன்று மறுப்பதும் நடக்கும். ஒரு விளையாட்டு ஓடுகிறது, கடை மட்டும் திறக்கவில்லை என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம்.

இதில் ஒரு வகை, வெளிநாட்டிலிருந்து வரும் கன்சோல்களில் காணக்கூடியது. சிங்கப்பூரிலிருந்து உறவினர் ஒருவர் கன்சோல் வாங்கி வருகிறார். அதில் நேர மண்டலம் சிங்கப்பூர், அதாவது கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால். சென்னைக்கு வந்ததும் வீட்டுக்காரர் மண்டலத்தைத் தொடாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை மட்டும் திருத்துகிறார். திரையில் நேரம் சரியாகத் தெரிகிறது. ஆனால் கன்சோல் கிரீன்விச் நேரத்தைக் கணக்கிடும்போது ஐந்தரை மணியைக் கழிப்பதற்குப் பதிலாக எட்டு மணியைக் கழிக்கிறது. உள்கணக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்குகிறது.

பெரும்பாலான நாட்களில் இதனால் ஒன்றும் ஆகாது. சர்வர் தன் சான்றிதழைப் புதுப்பிக்கும் நாளில்தான் வேடிக்கை. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள், உலகத்துக் கடிகாரங்கள் எல்லாம் துல்லியமாக இருக்காது என்று தெரிந்தே, தொடக்க நேரத்தை ஒரு மணி நேரம் முன்தேதியிட்டுத் தருகின்றன. மேலே கண்ட சான்றிதழ் உண்மையில் 7:12-க்கு வழங்கப்பட்டிருக்கும். அது உடனே பயன்பாட்டுக்கு வந்தால், இரண்டரை மணி பின்தங்கிய கன்சோல் தன் கடிகாரத்தில் அப்போது 4:42 என்றே பார்க்கும். அதன் கடிகாரம் 6:12-ஐத் தொட இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை இணைப்பு மறுக்கப்படும். பிறகு யாரும் எதையும் செய்யாமலேயே சரியாகிவிடும். தானாக வந்து தானாகப் போன இந்தக் கோளாறுக்கு சர்வர் பராமரிப்பு என்றுதான் எல்லாரும் காரணம் சொல்லிக்கொள்வார்கள்.

துபாயிலிருந்து வந்த கன்சோலில் இதே தவறைச் செய்தால் விளைவு தலைகீழ். துபாய் கிரீன்விச்சுக்கு நான்கு மணி நேரம் முன்னால் என்பதால் உள்கணக்கு ஒன்றரை மணி முந்திவிடும். சான்றிதழ்கள் வழக்கமாகக் காலாவதிக்குப் பல நாட்கள் முன்பே புதுப்பிக்கப்படுவதால், முந்திய கடிகாரம் சான்றிதழில் மாட்டிக்கொள்வது அரிது. எனினும் லாகின் ஆனபின் சேவை தரும் தற்காலிக அனுமதிகள் சில, நிமிடக் கணக்கில் மட்டும் செல்லுபடியாகும். அவற்றைக் கன்சோல் தன் கடிகாரத்தை வைத்துச் சோதித்தால், கையில் வாங்கும்போதே காலாவதியானதாகத் தோன்றலாம்.

தேதியைக் கன்சோல் பார்க்காமல் விட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. தேதி பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நேர்மையான சர்வரைத் திருப்பி அனுப்புவது அபத்தமாகத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு தேதிகள் ஒப்புக்காகப் போடப்பட்டவை அல்ல. சர்வர் ஒன்றின் ரகசியச் சாவி திருடுபோய்விட்டால், திருடன் அந்த சர்வராகவே நடிக்க முடியும். திருட்டு தெரியவந்ததும் சான்றிதழை ரத்து செய்ய வழி இருக்கிறது. ஆனால் ரத்துச் செய்தி எல்லாக் கருவிகளையும் போய்ச் சேரும் என்று உறுதி சொல்ல முடியாது. காலாவதித் தேதிதான் கடைசி அரண். தேதியைப் பார்க்காத கன்சோலிடம், என்றோ திருடிய பழைய சாவியும் செல்லும். கன்சோலின் கடிகாரத்தை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ள முடிந்த ஒருவனுக்கும் அதே வாய்ப்புக் கிடைக்கும்.

அப்படியானால் கன்சோல் சரியான நேரத்தை எங்கிருந்து பெறுவது? இணையத்திலிருந்து. இங்கே ஒரு சுழல் தெரிகிறது: நேரம் சரியாக இருந்தால்தான் பாதுகாப்பான இணைப்பு, பாதுகாப்பான இணைப்பு இருந்தால்தான் நம்பத்தக்க நேரம். இணையத்தில் நேரம் சொல்வதற்கென்றே உள்ள என்.டி.பி. என்னும் பழைய பேச்சுமுறை இந்தச் சுழலை ஒரு வழியில் அறுக்கிறது. அதன் சாதாரண வடிவத்தில் சான்றிதழே கிடையாது. கேட்டால் நேரம் சொல்லும், அவ்வளவுதான். பிறந்த நாளிலேயே நிற்கும் கருவியும் அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நடுவில் புகுந்தவன் பொய்யான நேரத்தைச் சொல்லிவிட முடியும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. நேரத்தையும் டி.எல்.எஸ். வழியாகவே கேட்கும்படி கருவியை வடிவமைத்தால் அந்தப் பொய்க்கு இடமிருக்காது; ஆனால் கடிகாரம் ஒருமுறை அழிந்தால் கருவி தானாக மீளவே முடியாமல் போகும். அப்போது ஆள் ஒருவர் உட்கார்ந்து கையால் தேதியைப் போட்டால்தான் கதவு திறக்கும். ஆண்டும் மாதமும் நாளும் ஏறக்குறையச் சரியாக இருந்தாலே போதும். மீதியைக் கன்சோல் பார்த்துக்கொள்ளும்.

கடிகாரம் ஒன்று கெட்டால் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு 2010 மார்ச் 1 நல்ல சான்று. அன்று கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு கடந்ததும் உலகம் முழுவதும் பழைய மாடல் பிளேஸ்டேஷன் 3 கன்சோல்கள் முடங்கின. முந்தைய ஆண்டு வெளிவந்த மெலிந்த மாடல் மட்டும் தப்பித்தது. தேதி 2000 ஜனவரி 1-க்குத் திரும்பியது. நெட்வொர்க்கிலிருந்து வெளியேற்றப்பட்டதாக 8001050F என்ற எண்ணோடு செய்தி வந்தது. டிராபி எனப்படும் வெற்றிப் பதிவுகளை ஏற்ற முடியாததால், இணையமே தேவைப்படாத சில விளையாட்டுகளும் ஓடவில்லை. வாடகைக்கு எடுத்த படங்கள் திறக்கவில்லை. இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்ய முயன்றவர்களுக்கும் தேதியையும் நேரத்தையும் பெற முடியவில்லை என்று அதே எண்ணே பதிலாக வந்தது.

சோனி நிறுவனம் வெளியிட்ட விளக்கம் சுருக்கமானது: கன்சோலின் உள்கடிகாரம் 2010-ஐ லீப் ஆண்டு என்று எடுத்துக்கொண்டது. இல்லாத பிப்ரவரி 29-க்குள் அது நுழைந்துவிட்டது. கடிகாரச் சில்லுகள் பல, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை ஒவ்வொன்றும் நான்கு பிட்டுகளாகச் சேமிக்கும். இந்த முறையில் எழுதிய 10-ஐச் சாதாரண இருமை எண்ணாகத் தவறிப் படித்தால் 16 என்று வரும், 16 நான்கால் வகுபடும், லீப் ஆண்டு. இதுதான் நடந்திருக்கும் என்று வெளியே இருந்த பொறியாளர்கள் பலர் அன்றே ஊகித்தார்கள். பழைய மாடல்களை இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சோனி கேட்டுக்கொண்டது. மறுநாள் கிரீன்விச் நள்ளிரவில் கன்சோல்களின் பிப்ரவரி 29 முடிந்து மார்ச் 1 பிறந்ததும் கோளாறு தானாகவே நீங்கியது. அதன்பின்னும் தேதி தவறாக இருந்தவர்கள் கையாலோ இணையம் வழியாகவோ திருத்திக்கொள்ள முடிந்தது. அன்று தடுத்தது சான்றிதழ்தான் என்று சோனி சொல்லவில்லை. லாகின், டிராபி, வாடகைப் படம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை எல்லாம் ஒரே கடிகாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அன்று வெளிப்பட்டது.

கோளாறு கடிகாரத்தால்தானா என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. இணையச் சோதனை தேறி லாகின் மட்டும் தோற்பது முதல் அடையாளம். அதே வைஃபையில் கைபேசி அதே கணக்கில் லாகின் ஆவது இரண்டாவது. கணக்கிலும் சர்வரிலும் குற்றமில்லை என்று அது காட்டிவிடும். மின்தடைக்குப் பிறகோ, நெடுநாள் கட்டிவைத்த கன்சோலை எடுத்து மாட்டியபோதோ தொல்லை தொடங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு தேதியைப் பார்க்க வேண்டியதுதான். பார்க்கும்போது ஆண்டையும் பார்க்க வேண்டும். நாளும் மாதமும் மட்டும் காட்டும் திரையைப் பார்த்து, தேதி சரிதான் என்று நகர்ந்துவிடுபவர்கள் அதிகம்.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா, புதுதில்லி அல்லது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று இருப்பதற்கு மாற்ற வேண்டும். கோடைக்கால நேரம் என்ற தனித் தேர்வு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் அதற்கு வேலையில்லை. அதன்பின் இணையம் வழியாக நேரத்தைப் பெறும் தேர்வு. பிளேஸ்டேஷன் 3-இல் Date and Time Settings பகுதிக்குள் இது இருக்கிறது. ஸ்விட்ச்சில் Synchronize Clock via Internet என்ற பெயரில் இருக்கிறது. அது தோற்றால் மட்டும் கையால் போட்டுவிட்டு, லாகின் ஆனதும் மீண்டும் தானியங்கி முறைக்கு மாற்றிவிடலாம். முன்பே தோற்றுப்போன இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் இருக்கக்கூடும் என்பதால், ஒருமுறை முழுதாக அணைத்துப் போடுவது நல்லது.

சரிசெய்த தேதி, பிளக்கைப் பிடுங்கி மாட்டியதும் மறுபடி 2000-க்குப் போனால் பேட்டரி முடிந்துவிட்டது. அதை மாற்றுவது பல கன்சோல்களில் உறையைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை. உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் சேவை மையத்துக்குப் போவதே மேல். பிளேஸ்டேஷன் 4-இல் இதற்கு ஒரு தனிக் கதை உண்டு. அதில் டிராபிகளின் நேரத்தில் ஏமாற்று நடக்காமலிருக்க, விளையாட்டைத் தொடங்கும்போதே உள்கடிகாரம் சோதிக்கப்பட்டது. பேட்டரி செத்து, கன்சோல் நெட்வொர்க்கில் சேர்ந்து நேரத்தைச் சரிபார்க்கவும் வழியில்லாமல் போனால், சொந்தமாகக் காசு கொடுத்து வாங்கிய வட்டில் உள்ள விளையாட்டும் ஓடாது. புதுப் பேட்டரி போட்டாலும் பயனில்லை. ஒருமுறையாவது நெட்வொர்க்கைத் தொட்டாக வேண்டும். என்றாவது ஒருநாள் அந்த நெட்வொர்க் மூடப்பட்டால் எல்லாக் கன்சோல்களும் செங்கல்லாகிவிடும் என்று பழைய விளையாட்டுகளைப் பாதுகாப்பவர்கள் கவலைப்பட்டார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் சிபாம்ப். 2021 செப்டம்பரில் வந்த 9.00 மென்பொருளில் சோனி இதைச் சத்தமில்லாமல் நீக்கியது. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சோதித்தவர்கள்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

தேதி, ஆண்டு, மண்டலம் எல்லாம் சரியாக இருந்தும் சான்றிதழ்ப் பிழை தொடர்ந்தால், கடிகாரத்தைத் திருகிப் பயனில்லை. கன்சோலுக்குள் இருக்கும் ரூட் சான்றிதழ்ப் பட்டியல் பழையதாகியிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களைப் பல கருவிகள் ஏற்றுக்கொண்டதற்கு DST Root CA X3 என்ற பழைய ரூட் காரணமாக இருந்தது. அது 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் வெளியிட்ட பட்டியலின்படி பிளேஸ்டேஷன் 4-இல் 8.00 மென்பொருள் முதல்தான் புதிய ரூட் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-உம் நின்டெண்டோ 3டிஎஸ்-உம் தொடக்கத்திலிருந்தே ஒத்துவராதவை. இது அந்தக் கன்சோல்களின் பிரவுசரில் பொதுத் தளங்களைத் திறப்பதைப் பற்றியது. நிறுவனங்களின் சொந்தச் சேவைகளுக்குச் சொந்தச் சான்றிதழ் ஏற்பாடுகள் உண்டு.

ரூட் காலாவதியான சமயத்தில், தேதியைச் செப்டம்பர் 29-க்குத் திருப்பிவைத்தால் தளங்கள் திறக்கும் என்று ஒரு தந்திரம் தோன்றலாம். கணக்குப்படி அது சரிதான், சில நாட்களுக்கு. ரூட் மறுபடி உயிரோடிருப்பதாகத் தெரியும். அந்தத் தேதிக்கு முன் வழங்கப்பட்ட சர்வர் சான்றிதழும் தேறும். ஆனால் சர்வர் தன் 90 நாள் சான்றிதழை அக்டோபரில் புதுப்பித்தவுடன், செப்டம்பரில் நிற்கும் கன்சோலுக்கு அது இன்னும் செல்லுபடியாகாத சான்றிதழாகிவிடும். செப்டம்பரில் வைத்தால் சர்வரின் சான்றிதழ் மறுக்கிறது, அக்டோபரில் வைத்தால் ரூட் மறுக்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் தேதி நாட்காட்டியில் இல்லை. அந்த நிலையில் மென்பொருளைப் புதுப்பிப்பது ஒன்றே வழி; புதுப்பிப்பு வராத கன்சோலுக்கு அந்தத் தளம் திறக்காது.